வகுப்பைக் கையளித்தல்: அடுத்த ஆசிரியருக்கு என்ன எழுதிவைப்பது?

(எமது சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளின் ஆசிரியர், பெற்றார் கூட்டத்தில், பணியிலிருந்து விலகும் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியர் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் இருந்துகொண்டு எப்ப முடியும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே,

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரிலே உயர்தரம் வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்க நாடு விடவில்லை. இங்கே ஜேர்மனிக்கு வந்தபிறகு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறேன். நான்கு வருடமாகச் சனிக்கிழமைகளில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். வருகிற மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையிலும் எனக்கு வேலை போட்டுவிட்டார்கள். அதனால் படிப்பாண்டின் நடுவிலே வகுப்பை விட்டுப் போகவேண்டிய நிலைமை. இனி அந்த வகுப்பை, பின்வரிசையில் இருக்கும் அக்கா பொறுப்பெடுக்கிறா.

பிரியாவிடைப் பேச்சு ஒன்று பேசும்படிதான் தலைவர் கேட்டார். நான் சொன்னேன், பிரியாவிடை வேண்டாம், அக்காவிடம் வகுப்பை எப்படி ஒப்படைக்கிறேன் என்பதைச் சபைக்கு முன்னால் சொல்லுகிறேன் என்று. ஏனென்றால் எங்கள் பள்ளியில் ஆசிரியர் மாறுவது புதினமல்ல. ஒருவருக்கு வேலை மாறும், ஒருவர் வேறு நகரத்துக்குப் போவார், ஒருவருக்குப் பிள்ளை பிறக்கும். ஆசிரியர் மாறுகிற ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சில மாதங்களை இழக்கிறார்கள். கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. அதிலே சில மாதம் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

முதலில் தொழிற்சாலைக் கதை ஒன்று சொல்லுகிறேன். எங்களுக்கு மூன்று முறைவேலை. ஒருவன் போகும்போது மற்றவன் வருவான். மெசினுக்குப் பக்கத்திலே ஒரு கொப்பி தொங்கும். போகிறவன் அதிலே எழுதவேண்டும். சிலபேர் "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த அரை மணித்தியாலத்தில் மெசின் பழுதான சாமான்களாகத் தள்ளும். நல்லாய் வேலை தெரிந்தவன் எப்படி எழுதுவான்? "ஒன்பது மணியிலிருந்து சாமானின் வலது விளிம்பில் பிசிறு வருகிறது. அமுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அரை மணிக்கு ஒருக்கால் விளிம்பைப் பார்." நான்கே வசனம். என்ன கண்டேன், என்ன செய்தேன், என்ன நடந்தது, இனி எதைப் பார்க்கவேண்டும். வருகிறவன் அந்த நான்கையும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடருவான்.

பிள்ளைகள் மெசின் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நான்கு வசனம் வகுப்புக்கும் பொருந்தும் என்பதை நான் அடிபட்டுத்தான் கண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் நான் இந்த வகுப்பை எடுத்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு இடாப்பு, ஒரு திறப்பு, ஒரு கடுதாசி. கடுதாசியில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சொல். "கெட்டிக்காரர்", "குழப்படி", "பலவீனம்", "வாசிப்பு மிக நன்று". எனக்கு முன்னிருந்தவரைக் குறை சொல்லவில்லை. அவர் நேர்மையான மனிதர், தான் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் எப்படிக் கண்டார் என்பதை எழுதவில்லை. அதனால் வந்த வினையைச் சொல்லுகிறேன்.

"வாசிப்பு மிக நன்று" என்று எழுதப்பட்ட ஒரு பெண்பிள்ளை. பெயர் சொல்லமாட்டேன். உண்மையிலேயே அந்தப் பிள்ளை பாடப்புத்தகத்தை விரித்தால் ஆறு ஓடுவதுபோல வாசிக்கும். எழுத்துத் தட்டுப்படாது, குரல் ஏற்ற இறக்கம்கூடச் சரி. செப்டெம்பர், ஒக்ரோபர், நவம்பர் முழுவதும் நான் அந்தப் பிள்ளையைக் கவனிக்கவில்லை. நன்றாக வாசிக்கிற பிள்ளை தானே என்று மற்றப் பிள்ளைகளோடு மினக்கெட்டேன். தை மாதம் ஒரு சனிக்கிழமை, புத்தகம் கொண்டுவர மறந்துபோய், கரும்பலகையிலே ஒரு கதை எழுதினேன். பழைய பாடத்துச் சொற்கள்தான், ஆனால் வசனம் புதிது. அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. முகம் சிவந்துபோய்க் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு விளங்கியது. அந்தப் பிள்ளையின் அண்ணன் அதே புத்தகத்தை முதல் வருடம் வீட்டில் உரத்துப் படித்திருக்கிறான். தங்கச்சி பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிவிட்டது. படத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். பக்கம் தெரிந்தால் வசனம் தானாக வரும். அது பொய் செய்யவில்லை. வாசிப்பு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை இருபது மட்டைகள் வெட்டிக்கொண்டு போனேன். பத்துச் சோடிச் சொற்கள்: கல், கால், பல், பால், படம், பாடம், மலை, மாலை, விடு, வீடு, குடை, கூடை, முட்டை, மூட்டை, எடு, ஏடு, கொடு, கோடு, தொடு, தோடு. கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருபதில் பதினொன்று சரி. பாதிக்கு மேலே சரி, பரவாயில்லையே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு சோடி சோடியாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வந்த சோடி ஒன்றே ஒன்றுதான், மலையும் மாலையும். மற்ற ஒன்பது சோடியிலும் ஒன்று சரி, ஒன்று பிழை. 'கல்' என்றாலும் 'கல்', 'கால்' என்றாலும் 'கல்'. 'விடு' என்றாலும் 'வீடு', 'வீடு' என்றாலும் 'வீடு'. அதாவது மெய்யெழுத்து தெரிகிறது, உயிர்க்குறியைப் பார்க்கவேயில்லை. தனக்குப் பழக்கமான சொல்லை அந்த இடத்தில் போட்டுவிடுகிறது.

இது ஏன் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிறது என்று யோசித்தேன். கிழமைநாளில் அவர்கள் ஜேர்மன் வாசிக்கிறார்கள். அந்த மொழியில் உயிரோசை குறிலா நெடிலா என்பதைப் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருகிற எழுத்துக்கள் காட்டிக்கொடுக்கும். தமிழிலே குறியே மாறும். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று பின்னால் நிற்கும், ஒன்று தலையில் ஏறும், ஒன்று காலைச் சுற்றும், ஒன்று முன்னால் வந்து நிற்கும். கண் எங்கே பார்க்கவேண்டும் என்பதைப் பழக்கவேண்டும்.

ஆறு கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பத்து நிமிடம் அதற்கே ஒதுக்கினேன். அந்தப் பிள்ளையைத் தனியே இருத்தினால் வெட்கப்படும் என்று முழு வகுப்புக்கும் செய்தேன். முதல் கிழமை அகரம், ஆகாரம். இரண்டாம் கிழமை இகரம், ஈகாரம். உகரம், ஊகாரத்துக்கு மட்டும் இரண்டு கிழமை போனது. ஏனென்றால் கு, து, மு, சு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது, ஒரு விதி சொல்லி முடிக்க ஏலாது. பிறகு எகரம், ஏகாரம். கடைசியாக ஒகரம், ஓகாரம். ஒவ்வொரு கிழமையும் அர்த்தமில்லாத சொற்களையே கொடுத்தேன். 'மீபு', 'பாமி', 'தூகு' இப்படி. அர்த்தம் இல்லாததைப் பாடமாக்கி வைத்திருக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. எழுத்தைப் பார்த்தால்தான் வரும். பிள்ளைகளுக்கும் சிரிப்பு.

ஆறு கிழமைக்குப் பிறகு அதே இருபது மட்டை. பதினெட்டுச் சரி. மிச்ச இரண்டும் 'கோடு', 'தோடு'. அவற்றைக் 'கொடு', 'தொடு' என்று வாசித்தது. அந்தக் குறிகள் இரண்டுக்கும் ஒரு சின்னச் சுழி மட்டும்தான் வித்தியாசம். அதுவும் எழுத்துக்கு முன்னாலே நிற்கிறது. அந்த வருடம் முடியுமுன் அதுவும் சரிவந்தது.

ஆனால் நான் கணக்குப் பார்த்தேன். செப்டெம்பரிலிருந்து தை மாதம் வரை போன நாட்கள் திரும்பி வரவில்லை. அத்தோடு அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நான் விசயத்தைச் சொன்னபோது அவ அழுதுபோட்டா. "போன வருசம் மிக நன்று எண்டுதானே தம்பி சொன்னவை. நீங்கள் வந்தபிறகுதான் பிள்ளை கீழே போட்டுது" என்றா. நான் என்ன சொல்ல? அவவின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது நியாயம்தான். கையளிக்கும்போது ஒரு வசனம் கூடுதலாக எழுதியிருந்தால், "புத்தகத்தில் வாசிக்கிறார், புதிய வசனம் கொடுத்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால், நான் முதல் சனிக்கிழமையே மட்டைகளை வெட்டியிருப்பேன்.

அதனால்தான் அக்காவுக்கு நான் எழுதியிருக்கிற குறிப்பில் ஒரு சொல் தீர்ப்பு எதுவும் இல்லை. பதினான்கு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் கொப்பியில் அரைப் பக்கம். நாலு வசனம். தனியே என்ன செய்வார், எங்கே தட்டுப்படுகிறார், நான் என்ன செய்து பார்த்தேன், அடுத்து எதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்படிக் கண்டேன் என்பதும் திகதியும். உதாரணத்துக்கு ஒன்று. முதலில் நான் ஒரு பிள்ளைக்குச் "சோம்பல்" என்று எழுதினேன். எழுதிவிட்டு வெட்டினேன். நான் கண்டது சோம்பல் அல்ல. நான் கண்டது என்னவென்றால், சொல்வதெழுதுதலில் ஆறாவது சொல்லுக்குப் பிறகு பென்சிலை வைத்துவிடுகிறார். முதல் ஆறிலும் பிழை இல்லை. பத்துச் சொல்லை ஐந்து ஐந்தாகப் பிரித்து, இடையில் ஒரு நிமிடம் விட்டால் பத்தையும் எழுதுகிறார். சோம்பல் என்று எழுதியிருந்தால் அக்கா அந்தப் பிள்ளையைப் பேசியிருப்பா. இப்படி எழுதினால் ஒரு நிமிடம் விடுவா.

இனி, வகுப்பு எங்கே நிற்கிறது என்பது. "பதினாலாம் பாடம் முடிந்தது" என்று எழுதுவது சுலபம். ஆனால் அது என் வாய் எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்லும், பிள்ளையின் கை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதனால் நான் வைத்துவிட்டுப் போவது மூன்று தாள்கள். செப்டெம்பரில் ஒன்று, மார்கழியில் ஒன்று, இந்த மாதம் ஒன்று. மூன்றிலும் அதே பத்துச் சொற்கள். பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் எந்தப் பிழை போயிருக்கிறது, எந்தப் பிழை விடாமல் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் தாளிலும் தெரியாத விசயம் ஒன்று இருக்கிறது, அக்கா. 'கெ' என்ற எழுத்தை எழுதச் சொல்லிப் பாருங்கோ. சிலபேர் முதலில் 'க'வை எழுதிவிட்டு, பிறகு பின்னுக்கு வந்து அதற்கு முன்னால் கொம்பை நெருக்கிப் போடுவார்கள். காதில் கேட்கிற ஒழுங்கில் எழுதுகிறார்கள். எழுதி முடித்த சொல் சரிதான், நீங்கள் சரி போட்டுவிடுவீர்கள். ஆனால் வேகமாக எழுதவேண்டிய நேரத்தில் கொம்பு விடுபட்டுப் போகும், அல்லது பக்கத்து எழுத்தோடு ஒட்டும். கொம்பு நெருங்கி ஒடுங்கிப்போய் இருந்தால் சந்தேகப்படுங்கோ. பிள்ளையின் பின்னால் நின்று பென்சில் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். எங்கள் வகுப்பில் நான்கு பேர் இன்னும் அப்படி எழுதுகிறார்கள். யார் யார் என்று கொப்பியில் இருக்கிறது.

இன்னொன்று, நான் எப்படித் திருத்தினேன் என்பது. இதை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் முதலில் கவனிப்பது இதைத்தான். எங்கள் வீடுகளில் "நான் வாறன்" என்றுதான் கதைக்கிறோம். புத்தகத்தில் "நான் வருகிறேன்" என்று இருக்கிறது. பிள்ளை கொப்பியில் "வாறன்" என்று எழுதினால் நான் சிவப்பால் வெட்டவில்லை. வெட்டினால், அம்மா கதைப்பது பிழை என்று பிள்ளை நினைக்கும். கீழே ஒரு நெளிகோடு போட்டு, பக்கத்தில் புத்தக வடிவத்தை எழுதுவேன். புள்ளி குறைக்கமாட்டேன். இந்தப் படிப்பாண்டு முடியும்வரை இப்படித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டில் புள்ளி குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதேபோல 'ழ', 'ள'. எங்கள் பேச்சில் அவை இரண்டும் பல வேளைகளில் ஒன்றாகத்தான் கேட்கும். என் வாயிலிருந்து வராத வித்தியாசத்துக்காகப் பிள்ளையைத் தண்டிக்க ஏலுமோ? அதனால் சொல்வதெழுதுதலில் 'வாழை' என்று மொட்டையாகச் சொல்லமாட்டேன். "வாழை மரம்" என்பேன், "வாளை மீன்" என்பேன். அக்காவுக்கு வேறு முறை பிடித்தால் தாராளமாக மாற்றலாம். ஆனால் மாற்றுகிற நாளைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிப்போட்டு மாற்றுங்கோ. நேற்று வரை சரியாக இருந்தது இன்றைக்குப் பிழையாகப் போனால் அவர்கள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள்.

அடுத்ததாக, எழுதக்கூடாதது என்ன என்பதைச் சொல்லவேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

இரண்டாம் வருடம் நான் "எனது அப்பா" என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். எங்களுக்கு ஊரில் கொடுத்த தலைப்புத்தானே. எல்லாரும் எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் தலைப்பை எழுதி, கீழே கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு, இன்னொரு கோடு என்று தாள் கிழியும்வரை போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு விளங்கவில்லை, ஏன் எழுதவில்லை என்று சத்தமாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வரவில்லை. பிறகுதான் அறிந்தேன், தகப்பன் இல்லை என்றும், எப்படி இல்லாமல் போனார் என்றும். எனக்கு முன்னிருந்தவருக்கு அது தெரியும். வீட்டு விசயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தது பிள்ளை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் எழுதிவைக்கலாமோ? அதுவும் கூடாது. கொப்பி மேசையில் கிடக்கும், வேறு கைக்குப் போகும். எங்கள் சனங்களுக்குள்ளே யாருக்கு விசா கிடைத்தது, யாருடைய வழக்கு நிராகரிக்கப்பட்டது, எந்த வீட்டில் புருசன் பெண்சாதி பிரிந்து இருக்கினம் என்பதெல்லாம் காற்றில் பறக்கிற செய்தி. பள்ளிக் கொப்பி அதற்கு ஒரு வழியாக இருக்கக்கூடாது. நான் கடைப்பிடிக்கிற முறை இது. காரணத்தை எழுதமாட்டேன், வகுப்பில் செய்யவேண்டியதை மட்டும் எழுதுவேன். "இந்தப் பிள்ளைக்குக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரைக்குப் பதிலாக வேறு தலைப்புக் கொடுக்கவும்." "இந்தப் பிள்ளை சில சனிக்கிழமை வராது, ஏன் வரவில்லை என்று வகுப்பில் கேட்கவேண்டாம்." அவ்வளவுதான். இதற்கு மேல் அக்காவுக்குத் தெரியத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்ட விசயங்கள் இரண்டு இருந்தன. அந்த இரண்டு தாய்மாரிடமும் போய், "புது ரீச்சருக்குச் சொல்லலாமோ, எவ்வளவு சொல்லலாம்?" என்று கேட்டேன். ஒருவர் சொல்லச் சொன்னார். மற்றவர், "நானே அவவோடை கதைக்கிறன் தம்பி" என்றார். அது இன்னும் நல்லது.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது மறைவாக இருக்கக்கூடாது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் தொண்டை வீங்கி மூச்சு முட்டும். பிறந்தநாள் என்றால் எங்கள் சனம் வகுப்புக்கு என்ன கொண்டுவரும்? கச்சான் அல்வா, கச்சான் பிஸ்கற். அதனால் கொப்பியின் முதல் பக்கத்தில், எழுத்தும் பாடமும் வருவதற்கு முன்னாலே, சிவப்பு மையில் அது இருக்கிறது. மருந்து ஊசி பிள்ளையின் பையில் எந்தப் பகுதியில் இருக்கிறது, முதலில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, பிறகு தாயின் இலக்கம் எது எல்லாம் இருக்கிறது. அவசர உதவிக்கு இங்கே 112 என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் பதற்றத்தில் மறந்துபோகும். ஊசியை எப்படிப் போடுவது என்று அந்தத் தாயே அக்காவுக்குச் செய்து காட்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. அதே பக்கத்தில் யார் யார் எந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற பட்டியலும் உண்டு. அதிலே இல்லாதவர் வந்தால், தெரிந்த முகமாக இருந்தாலும், தாய் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்காமல் பிள்ளையை விடவேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் என் வாக்குறுதிகள். சிரிக்காதையுங்கோ. இருபது மட்டையையும் பிழையில்லாமல் வாசிப்பவருக்கு ஒரு கதைப்புத்தகம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேருக்கு இன்னும் கொடுக்கவில்லை. புத்தகங்கள் அலுமாரியில் பெயர் ஒட்டி இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள் வெளியே பூங்காவில் வகுப்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் மாறினாலும் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். வாக்கை நிறைவேற்ற முடியாவிட்டால், முடியாது என்று நானே வந்து சொல்லவேண்டும், அக்காவின் தலையில் போடக்கூடாது. பூங்கா வகுப்புக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன், நான் வருவேன்.

இவ்வளவும் சொன்னபிறகு, ஒரு ஆசிரியை என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். "இப்படி எழுதிக் கொடுத்தால், புதிதாக வருகிறவர் உங்களின் கண்ணாலேதானே பிள்ளையைப் பார்ப்பார்? பிள்ளைக்குப் புதிதாகத் தொடங்க ஒரு சந்தர்ப்பம் வேண்டாமோ?" நல்ல கேள்வி. போன ஆசிரியரோடு ஒத்துப்போகாத பிள்ளை புது ஆசிரியரோடு மலர்ந்ததை நானும் கண்டிருக்கிறேன். அதனால் நானும் அக்காவும் ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். முதல் பக்கத்தை, அந்தச் சிவப்புப் பக்கத்தை, அவ இன்றைக்கே வாசிக்கிறா. பிள்ளைகளைப் பற்றிய பக்கங்களை இரண்டு சனிக்கிழமை வாசிக்கமாட்டா. அந்த இரண்டு கிழமையும் தான் கண்டதைத் தன் கொப்பியில் எழுதுவா. பிறகு இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பா. இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் தொடரலாம். ஒத்துப்போகாத இடத்தில் யார் சொன்னது சரி என்று வாதாடத் தேவையில்லை, அங்கே மட்டைகளை எடுத்துப் பிள்ளையிடமே கேட்கலாம். இரண்டு கிழமை என்பது பிள்ளைக்குப் புதிய தொடக்கத்துக்குப் போதும். ஒரு தவணையை இழப்பதற்கு அது காணாது.

கையளிப்பதற்கும் நாள் வைத்திருக்கிறோம். போன சனிக்கிழமை நான் படிப்பித்தேன், அக்கா பின்வாங்கில் இருந்து பார்த்தா. வருகிற சனிக்கிழமை அக்கா படிப்பிப்பா, நான் பின்வாங்கில் இருப்பேன், வாய் திறக்கமாட்டேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் வரமாட்டேன். வந்தால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள், அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் என் தொலைபேசி இலக்கம் கொப்பியில் இருக்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு வேலை முடிந்திருக்கும், எப்பவும் எடுக்கலாம்.

அக்கா, ஒன்றே ஒன்று. என் குறிப்பு இந்த மாதத்துப் பிள்ளைகளைப் பற்றியது. எட்டு வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் வேறு பிள்ளை. கோடை விடுமுறை முடிந்து வரும்போது அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடுங்கோ. கையெழுத்துத் தாள்கள் மூன்றையும் மட்டும் வைத்திருங்கோ. நீங்கள் எழுதுகிற கொப்பிதான் அதற்குப் பிறகு வகுப்பின் கொப்பி.

திறப்பும் இடாப்பும் இதோ இருக்கின்றன. மட்டைகள் அலுமாரியின் இரண்டாம் தட்டில், சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதிலே 'தோடு' மட்டை ஓரம் கிழிந்து போய்விட்டது. புதிதாக ஒன்று வெட்டவேண்டும்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.